போகாத ‘வா’

‘மெசேஜ் போகல’ என்று யாராவது கவுண்டரில் போனை வைத்தால், அதைக் கையில் எடுக்காமலே பதில் சொல்லும் அளவுக்கு நான் தேறியிருந்தேன். பதினாறு வருஷமாகப் போன் கடை வைத்திருக்கிறவளுக்கு அது பெரிய வித்தையில்லை. ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது அதே முகத்தோடு, அதே இரண்டு சொல்லோடு வந்து நிற்பார்கள். அதில் ஆறு பேருக்கு பேலன்ஸ் இருக்காது. மூன்று பேர் சிக்னல் இல்லாத மூலையில் நின்றுகொண்டு போனைத் திட்டுவார்கள். மிச்சமிருக்கிற ஒரு ஆளுக்குத்தான் மெசேஜ் சென்டர் நம்பர் தப்பாக இருக்கும். பத்தில் ஒன்பதுக்குப் பார்க்காமலே வைத்தியம் சொல்லிவிடலாம் என்றால் எதற்காகப் பார்க்க வேண்டும்? அப்படித்தான் என் புத்தி போயிருந்தது.

எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர் என்னை ‘டாக்டரம்மா’ என்றுதான் கூப்பிடுவார். மரியாதைக்கு இல்லை, நக்கலுக்கு.

எங்கள் கடைகள் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு நடைபாதையின் இருபக்கமும் வரிசையாக இருக்கும். தலைக்கு மேலே நான்கு மாடி கான்கிரீட், முன்னால் இரும்பு ஷட்டர். போன் கடைக்கு இதைவிடப் பொருத்தமில்லாத இடம் கிடையாது. என் ரிப்பேர் மேஜையில் எந்தப் போனை வைத்தாலும் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். நடைபாதை முடிகிற இடத்தில் மாடிக்குப் போகும் படிக்கட்டு இருக்கிறது. அதில் மூன்றாவது படியில் ஏறி நின்றால் பக்கத்து ஜன்னல் வழியாக முழு சிக்னலும் வந்துவிடும். ரிப்பேர் முடிந்த ஒவ்வொரு போனையும் அந்தப் படிக்குக் கொண்டுபோய் ஒரு கால், ஒரு மெசேஜ் போட்டுப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று எனக்கு நானே வைத்திருந்த சட்டம் ஒன்று உண்டு. முட்டி வலி வந்த பிறகு அந்தச் சட்டத்துக்கும் வலி வந்துவிட்டது. நாள் முழுக்க எத்தனை தடவைதான் எழுந்து நடப்பது?

நீலப்பை அந்தச் சனிக்கிழமை மதியம் அதே குறையோடு மூன்றாவது தடவையாக வந்தாள்.

அவள் பெயர் எனக்குத் தெரியாது. எப்போதும் தோளில் ஒரு நீலத் துணிப்பை தொங்கும், அதனால் நீலப்பை. தெருமுனையில் இருக்கிற பெரிய ஆபீசில் துப்புரவு வேலை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அரைமணி நேரம் கிடைக்கும், அதில் ஓடி வருவாள். முந்தின வாரம் வியாழக்கிழமை துடைப்பத்தண்ணி வாளியில் போனைப் போட்டுவிட்டு வந்தாள். பட்டன் போன்தான், ஏழு வருஷத்துக் கிழம். ஈரத்தை எடுத்து, பட்டன் தகட்டை மாற்றி, சாஃப்ட்வேர் போட்டு மறுநாளே கொடுத்துவிட்டேன். அப்புறம் இந்தச் செவ்வாய்க்கிழமை வந்து, “அக்கா, மெசேஜ் போகல” என்றாள். நான் அப்போது வேறொரு போனின் திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தேன். நிமிராமலே, “பேலன்ஸ் இருக்காது” என்றேன். உண்மையிலேயே இல்லை. பேசுவதற்கு மட்டும் பேக் போட்டிருந்தாள், மெசேஜுக்கு ஒன்றும் கிடையாது. ரீசார்ஜ் பண்ணிவிட்டேன். வியாழக்கிழமை மறுபடி வந்தாள். “எங்க நின்னு போடுற?” என்று கேட்டேன். “ஆபீஸ் கீழ்த்தளத்துல, எங்க ரூம்ல” என்றாள். “அங்க கொசுவே வழி தெரியாம நிக்கும், சிக்னலா வரும்? மொட்டை மாடிக்குப் போய்ப் போடு” என்று அனுப்பிவிட்டேன்.

இரண்டு தடவையும் நான் சொன்னது பொய்யில்லை. இரண்டு தடவையும் நான் பார்க்கவுமில்லை.

இப்போது மூன்றாவது தடவை. மணி பன்னிரண்டு நாற்பது. போனை கவுண்டரில் வைக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, போகல.”

“மொட்டை மாடில?”

“ரெண்டு நாளா மொட்டை மாடிலதான் நிக்கிறேன். சூப்பர்வைசர் துணி காயப்போடுறியான்னு கேக்குறாரு.”

எதிர்க்கடையிலிருந்து ஜெராக்ஸ்காரர் எட்டிப் பார்த்தார். “என்ன டாக்டரம்மா, பேஷண்ட் திரும்பத் திரும்ப வர்றாங்க? மருந்து மாத்திக் குடுங்க.”

எனக்கு எரிச்சல் வந்தது. பசி வேறு. கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று டிபன் டப்பாவைக் கையில் எடுத்திருந்தேன். “ஏம்மா, அவ்வளவு அவசரம்னா கால் பண்ணிப் பேசிட வேண்டியதுதானே?” என்றேன். கேட்டபோதே குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“தம்பிக்குக் காது கேக்காதுக்கா. பிறவியிலேயே. பேச்சும் வராது. மெசேஜ் ஒண்ணுதான் எங்களுக்கு.”

டப்பாவைக் கீழே வைத்தேன்.

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். தம்பி அனுப்பிய செய்திகள் வரிசையாக இருந்தன. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம், அதாவது நான் போனைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கே, முதல் செய்தி வந்திருக்கிறது. ‘அக்கா இங்க வேலை முடியுது. வீட்டுக்கு வரவா.’ மறுநாள்: ‘நீ வா சொன்னா வரேன்.’ திங்கட்கிழமை: ‘மலைல சுரங்க வேலைக்கு ஆள் எடுக்கிறாங்க. ரெண்டு வருஷம். அங்க போன் எடுக்காது. சனி ரெண்டு மணிக்கு லாரி.’ புதன்கிழமை: ‘இன்னும் கோபமா.’ கடைசியாக அன்று காலை ஏழு மணிக்கு ஒன்று. ‘புரிஞ்சுது. உடம்பைப் பார்த்துக்க.’

ஒவ்வொன்றுக்கும் கீழே அவள் போட்ட பதில் இருந்தது. எல்லாம் ஒரே பதில். ‘வா.’ ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்புக் குறி, அனுப்பப்படவில்லை என்று. எண்ணிப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. முப்பதுக்குக் குறையாது.

“வேற போன்ல இருந்து போட்டுப் பாத்தியா?”

“பக்கத்து வீட்டம்மா போன்ல போட்டேன். தெரியாத நம்பர்னா அவன் திறந்துகூடப் பாக்க மாட்டான். ஒருதடவை அப்படி எவனையோ நம்பிப் பணத்தை விட்டான். அதுல இருந்து என் நம்பரையும் மேஸ்திரி நம்பரையும் தவிர எல்லாத்தையும் அடைச்சு வெச்சிருக்கான். மேஸ்திரி நம்பர் என்கிட்ட இல்ல.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “ஏழு மாசம் முன்னாடி சண்டைல நான்தான்க்கா ‘இனி இங்க வராத’ன்னு மெசேஜ் போட்டேன். அது ஒரே அமுக்குல போச்சு. இப்ப வான்னு போட்டா போகமாட்டேங்குது.”

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போனை வாங்கிக்கொண்டு எழுந்தேன். “வா, படிக்குப் போகலாம்.”

முதல் படியிலேயே முட்டி கத்தியது. மூன்றாவது படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று போனைப் பார்த்தேன். சிக்னல் கோடு ஐந்தும் நிமிர்ந்து நின்றன. அவள் போனிலிருந்து என் போனுக்கு ஒரு கால் போட்டேன். உடனே அடித்தது. எடுத்து, “ஹலோ” என்று எனக்கு நானே பைத்தியம் மாதிரி சொல்லிப் பார்த்தேன், தெளிவாகக் கேட்டது. கால் இவ்வளவு சுத்தமாகப் போனால் சிக்னல்மேல் குற்றம் சொல்ல முடியாது.

“சிக்னல் இல்லன்னு நீங்கதான சொன்னீங்க?” என்றாள். குத்திக்காட்டவில்லை, சும்மா கேட்டாள். அதுதான் குத்தியது.

“உன் ஆபீஸ் கீழ்த்தளத்துல இல்ல. இங்க இருக்கு. இங்க இருந்தும் போகலன்னா காரணம் வேற.”

அடுத்து பேலன்ஸ் பார்க்கும் எண்ணை அழுத்தினேன். திரையில் தொகை வந்தது. நூறு மெசேஜ் பாக்கி என்றும் வந்தது. செவ்வாய்க்கிழமை நான் போட்ட பேக்கில் நூறு மெசேஜ்தான். அப்புறம் இவள் எத்தனையோ தடவை அழுத்தியிருக்கிறாள், நூறு நூறாகவே இருக்கிறது. ஒன்றுகூடக் குறையவில்லை. அதைப் பார்த்ததும்தான் எனக்குள் ஏதோ தட்டியது. மெசேஜ் கம்பெனிக்குப் போய், அங்கிருந்து தம்பியின் போனைத் தேடித் தோற்றிருந்தால்கூட எண்ணிக்கை குறைந்திருக்கும். இது வாசலையே தாண்டவில்லை.

என் போனுக்கு ஒரு மெசேஜ் போட்டேன். இரண்டு நொடிகூட ஆகவில்லை, ‘அனுப்பப்படவில்லை’. அவள் நம்பருக்கே அவள் போனிலிருந்து போட்டேன். அதுவும் இல்லை. சரி என்று என் போனிலிருந்து அவளுக்கு ஒன்று போட்டேன். டிங் என்று வந்து விழுந்தது.

“வருது, போகமாட்டேங்குது” என்றாள் அவள்.

“எல்லா நம்பருக்கும் போகமாட்டேங்குது. அதுதான் விஷயம். தம்பி போன்ல கோளாறுன்னா எனக்காவது வந்திருக்கணும்.”

“அப்ப?”

“நீ போடுற மெசேஜ் நேரா உன் தம்பிக்குப் போகாதும்மா. முதல்ல உன் கம்பெனியோட மெசேஜ் சென்டருக்குப் போகும். அங்க வாங்கி வெச்சு அவங்கதான் கொண்டுபோய்ச் சேர்ப்பாங்க. அந்த சென்டருக்குன்னு ஒரு நம்பர் உண்டு. உன் சிம்முல பதிஞ்சிருக்கும். அது தப்பா இருந்தா நீ எத்தனை தடவை போட்டாலும் போகாது. உனக்கு வர்ற மெசேஜுக்கு அனுப்புறவங்களோட சென்டர்தான் வேலை செய்யும், அதனால அது வந்துக்கிட்டே இருக்கும்.”

“சிம்முல பதிஞ்சது எப்படிக்கா தானா தப்பாகும்?”

நியாயமான கேள்வி. தானாக ஆகாது. யாராவது கை வைத்திருக்க வேண்டும்.

மெசேஜ் செட்டிங்கைத் திறந்து சென்டர் நம்பர் என்ற இடத்துக்குப் போனேன். நம்பர் வந்தது. கூட்டல் குறி, நாட்டு எண், அப்புறம் பத்து இலக்கம். எனக்கு அதைப் படிக்கக்கூடத் தேவைப்படவில்லை. என் கடைச் சுவரில், ரிப்பேர் மேஜைக்கு மேலே, நானே கையால் எழுதி ஒட்டிய அட்டையில் முதல் வரியில் இருக்கிற நம்பர் அது. விளம்பர நிறத்தை வைத்து நாங்கள் மஞ்சள் கம்பெனி என்கிறோமே, அவர்களுடைய சென்டர்.

போனின் நெற்றியில் கம்பெனி பெயர் இருந்தது. ஊதாக் கம்பெனி.

சுவரை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

என்ன நடந்தது என்று எனக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. இந்தத் தொழிலில் இருக்கிற எங்களுக்கெல்லாம் ஒரு கெத்து உண்டு. நம்பரின் முதல் நாலு இலக்கத்தைச் சொன்னால் போதும், எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடுவோம். ஒரு காலத்தில் அது சரியாகவே இருந்தது. நம்பரை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று வந்த பிறகு அந்தக் கெத்துக்கு அர்த்தமே போய்விட்டது. ஆனாலும் வாய் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது. அன்றைக்கு சாஃப்ட்வேர் போட்ட பிறகு, வழக்கம்போல மெசேஜ் செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். மேஜையில் சிக்னல் கிடையாது, அதனால் திரையில் கம்பெனி பெயரும் வரவில்லை. ரசீதில் இவள் நம்பர் இருந்தது. முதல் நாலு இலக்கம் மஞ்சள் கம்பெனியுடையது. உள்ளே இருந்த சென்டர் நம்பரோ வேறு. ‘அட, மாறிக் கிடக்கே’ என்று அட்டையைப் பார்த்து மாற்றி, சேமித்துவிட்டேன்.

சரியாக இருந்ததை நான் திருத்திவிட்டேன். அப்புறம் எழுந்து இந்த மூன்றாவது படிக்கு வந்து ஒரே ஒரு மெசேஜ் போட்டுப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். மஞ்சள் கம்பெனியின் சென்டர் ஊதாக் கம்பெனி சிம்மிலிருந்து வருகிற எதையும் வாங்காது. நான் எழுந்து வரவில்லை. பட்டனை மட்டும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டேன்.

“நீ எப்ப கம்பெனி மாத்தின?”

“போன வருஷம்க்கா. ஆபீஸ்ல எல்லாரும் மாத்தினாங்க. நம்பர் அதேதான் இருக்கும்னு சொன்னாங்க.”

செவ்வாய்க்கிழமை ரீசார்ஜ் பண்ணும்போதுகூட ஆப் தானாகவே ஊதாக் கம்பெனியைக் கண்டுபிடித்துத்தான் பணத்தைப் போட்டிருக்கிறது. அது பார்த்ததை நான் பார்க்கவில்லை.

சொல்லாமல் விட்டிருக்கலாம். ‘செட்டிங் கலைஞ்சிருக்கும்மா’ என்று ஒரு வார்த்தை போதும், எந்தக் கஸ்டமரும் அதற்கு மேல் கேட்க மாட்டார். பதினாறு வருஷத்தில் அந்த வார்த்தையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு நாக்கு வரவில்லை.

“நான்தான்மா மாத்தினது. ரிப்பேருக்கு வந்தப்ப. உன்னைக் கேக்காம, தப்பான கம்பெனி நம்பரைப் போட்டுட்டேன்.”

அவள் என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் நேரத்தைப் பார்த்தாள். “பன்னெண்டு ஐம்பத்தஞ்சு ஆச்சு. இப்ப போடுங்கக்கா.”

ஊதாக் கம்பெனியின் சென்டர் நம்பரும் என் அட்டையில் மூன்றாவது வரியில் இருக்கிறது. அதை நம்ப எனக்குத் தைரியமில்லை. எழுதி ஒட்டி நாலு வருஷமாகிறது. அவள் போனிலிருந்தே கம்பெனியின் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும், ஒன்பதை அழுத்தவும் என்று ஒரு பெண் குரல் சாவகாசமாகச் சொல்லிக்கொண்டே போனது. அப்புறம் பாட்டு. எங்கள் எல்லா அதிகாரிகளும் பிசி, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம். மறுபடி பாட்டு. என் டிபன் டப்பாவை யாரும் எடுத்துவிடாமல் இருக்க ஜெராக்ஸ்காரர் அதைத் தன் மேஜையில் எடுத்து வைத்தார். இந்தத் தடவை நக்கல் பண்ணவில்லை.

ஒன்று பத்துக்கு ஒரு ஆள் பேசினார். சென்டர் நம்பரை நான் கேட்டதும் நான் இதை எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்கு ஆச்சரியம். “சிம்முலயே இருக்குமே மேடம்” என்றார். “இருந்துச்சு. நான்தான் அழிச்சேன். சொல்லுங்க” என்றேன். சொன்னார். ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லி ஆமாம் வாங்கிக்கொண்டேன். அட்டையில் இருந்ததும் அதேதான் என்று பிறகு பார்த்தேன். கூப்பிட்டுக் கேட்டதற்காக நான் வருத்தப்படவில்லை.

கூட்டல் குறியிலிருந்து ஆரம்பித்துப் போட்டேன், சேமித்தேன். அதே பட்டியலில் டெலிவரி ரிப்போர்ட் என்று ஒன்று இருக்கும், அதையும் போட்டுவிட்டேன். அவளிடம் போனைக் கொடுத்தேன்.

“போடு.”

‘வா’ என்று அடித்து அனுப்பினாள். திரையில் உறை மாதிரி ஒரு சின்னப் படம் சுற்றியது. ஒரு நொடி, இரண்டு நொடி. ‘அனுப்பப்பட்டது’ என்று வந்தது. ஒன்று பதினாலு.

“போயிடுச்சா?”

“சென்டருக்குப் போயிடுச்சு” என்றேன்.

“அவனுக்கு?”

“அவன் போன்ல சேர்ந்ததும் இன்னொரு மெசேஜ் வரும், டெலிவர் ஆச்சுன்னு.”

நின்றோம். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் உட்காரவில்லை. அந்தப் பக்கம் போகிறவர்கள் எங்களைத் தாண்டிக் குதித்துப் போனார்கள். டெலிவர் ஆன செய்தி வரவில்லை. ஒன்று இருபது. ஒன்று இருபத்தைந்து. அரைமணி நேரம்தான் அவளுக்குச் சாப்பாட்டு நேரம், அது எப்போதோ முடிந்துவிட்டது.

“ஏன்க்கா வரல?”

“அவன் போன் ஆஃப்ல இருக்கலாம். இல்ல சிக்னல் இல்லாத இடத்துல நிக்கலாம். இந்தப் பக்கம் இப்ப எல்லாம் சரி. அவன் போன் உயிரோட வந்த உடனே சென்டர் கொண்டுபோய்க் குடுத்துடும். ரெண்டு மூணு நாள்கூட வெச்சிருப்பாங்க.”

“ரெண்டு மணிக்கு லாரிக்கா.”

அவள் போனைப் பைக்குள் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு போனாள். சாப்பிடாமல் போகிறாள் என்பது அப்புறம்தான் உறைத்தது. ஜெராக்ஸ்காரர் என் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். திறந்து பார்த்தேன், மூடிவிட்டேன்.

மணி இரண்டானபோது என் கடைச் சுவரில் இருக்கிற கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க ஒரு போனைப் பிரித்துவைத்துக்கொண்டேன். எந்தத் திருகாணி எங்கே போகும் என்று தெரியாமல் திண்டாடினேன். என் தொழிலில் எத்தனையோ போனைக் கெடுத்திருக்கிறேன், புதுசு வாங்கிக் கொடுத்திருக்கிறேன், திட்டு வாங்கியிருக்கிறேன். இது அந்தக் கணக்கில் சேராது. ஒரு காது கேட்காத பிள்ளை எட்டு நாளாக எங்கேயோ ஒரு கொட்டகையில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவனுக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியாது. அக்கா பேசவில்லை என்பது மட்டும்தான் தெரியும். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அலுப்பாக இருந்தது, என்மேலேயே.

சாயங்காலம் ஐந்தரைக்கு அவள் வந்தாள். வேலை முடிந்து நேராக வந்திருந்தாள், கையில் ஃபினாயில் வாசம். போனை நீட்டினாள். ‘டெலிவரி ஆனது, 3.08’ என்று இருந்தது.

“மூணு எட்டுக்குத்தான் சேர்ந்திருக்கு” என்றாள். “லாரி ரெண்டு மணிக்கு.”

“ஆமாம்மா.”

“அப்ப அவன் ஏறினதுக்கப்புறம்தான் பாத்திருக்கான்.”

“ஆமா.”

“நாம ஒண்ணு பதினாலுக்கே அனுப்பிட்டோம்ல?”

“அனுப்பிட்டோம். அவன் போன்தான் ஆஃப்ல இருந்திருக்கு. சார்ஜ் இல்லாம இருந்திருக்கும்.” அதைச் சொல்லிவிட்டு என்னால் நிறுத்த முடியவில்லை. “நான் செவ்வாய்க்கிழமை பாத்திருந்தா செவ்வாய்க்கிழமையே போயிருக்கும்.”

அவள் தலையை ஆட்டினாள். மன்னித்தேன் என்றோ மன்னிக்க மாட்டேன் என்றோ இல்லை. நான் சொன்னது சரி என்பதுபோல ஆட்டினாள். கவுண்டர் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்த உடம்பு, உட்கார்ந்ததும் அப்படியே தளர்ந்துபோனது. ஜெராக்ஸ்காரர் டீ சொல்லியனுப்பினார். மூன்று பேரும் குடித்தோம்.

“பதில் எதுவும் போடலயா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“இல்ல. டெலிவரின்னு வர்ற வரைக்கும் மொட்டை மாடிலதான் நின்னேன். வந்த உடனே கீழ்த்தளம் கழுவ அனுப்பிட்டாங்க. ஒண்ணும் வரல.”

மூன்று எட்டிலிருந்து ஐந்தரை வரை ஆபீசின் கீழ்த்தளம். அப்புறம் நேராக என் கடை; இரண்டு நிமிஷ நடையில் அந்தக் கிழட்டுப் போன் சிக்னலைப் பிடித்திருக்காது. நான் அவள் கையிலிருந்த போனைப் பார்த்தேன். சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை.

“எழுந்திரு” என்றேன். “எழுந்திரு, படிக்கு வா.”

அவளுக்குப் புரியவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். முட்டி கத்தியது, கத்தட்டும் என்று விட்டேன். முதல் படி, இரண்டாவது படி. மூன்றாவதில் அவளை ஏற்றி நிறுத்தினேன். ஒரு கோடு வந்தது. இரண்டு. அப்புறம் ஐந்தும் வந்தன.

டிங்.

‘இறங்கிட்டேன்.’

இன்னொரு டிங்.

‘சாவடில லாரி நின்னப்ப இறங்கிட்டேன். டீக்கடைல சார்ஜ் போட்டப்ப உன் வா வந்துச்சு. பஸ் ஆறு மணிக்கு. நிஜமா வரவா.’

முதலில் வந்தது மூன்று பத்துக்கு அனுப்பியது, அடுத்தது நாலரைக்கு. ‘நிஜமா வரவா’ என்று கேட்டுவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் அவன் மறுபடி பதிலுக்குக் காத்திருக்கிறான், ஏதோ ஒரு சுங்கச்சாவடி டீக்கடையில், பையை மடியில் வைத்துக்கொண்டு. மணி ஐந்து ஐம்பத்திரண்டு.

அவள் அழுதாள். சத்தம் போட்டு இல்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டே அடித்தாள். ‘வா’ என்று அடித்தாள். அழித்தாள். ‘வா டா’ என்று அடித்தாள். அனுப்பும் பட்டனை அழுத்திவிட்டு, திரையைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு போனை என் பக்கம் திருப்பினாள்.

“போயிடுச்சாக்கா?”

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். உறை சுற்றி நின்றது. அனுப்பப்பட்டது. அடுத்து என்ன வரும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கீழே யாரோ என் கடைமுன் நின்று, “அக்கா, மெசேஜ் போகல” என்று கூப்பிட்டார்கள். இருக்கட்டும் என்று கையைக் காட்டினேன். டெலிவரி ஆனது என்று வந்தது. ஐந்து ஐம்பத்து மூன்று.

“போயிடுச்சு” என்றேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.